பாவு தறியேறும் வரை பலகை, ஏறிய பின் அட்டவணை

ஆரணியில் பட்டுத் தறி வைத்து நடத்துகிறவரிடம் "எப்போது கிடைக்கும்?" என்று கேட்டால், பதிலுக்கு முன் அவர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுவார். சாயக்காரர் எப்போது தருவார், எந்தத் தறியில் இன்னும் எத்தனை சேலை பாக்கி, மழை வருமா, அமாவாசை எப்போது. இரண்டு தறிக்கு இந்தக் கணக்கு மனத்தில் நிற்கும். எட்டுத் தறி, அதுவும் டவுனில் இரண்டு, தேவிகாபுரத்தில் நான்கு, முனுகப்பட்டில் இரண்டு என்று சிதறிக் கிடந்தால் எங்காவது எழுதிப் பார்க்கத்தான் வேண்டும். எழுதிப் பார்க்க உலகம் முழுக்க இன்று பழக்கத்தில் இருக்கும் வடிவங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, தேதிகளைக் குறுக்கே போட்டு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை இழுக்கும் கான்ட் அட்டவணை. இன்னொன்று, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டாக்கி, இடமிருந்து வலமாக நகர்த்தும் கான்பன் பலகை. இந்த இரண்டில் பட்டு நெசவுக்கு எது பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் வேலை எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடலாம். முறுக்கேற்றிய பட்டு நூல் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கே முதலில் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசையை எடுப்பார்கள். கச்சாப் பட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இந்தப் பசைதான், அது கரைந்து போன பிறகுதான் பட்டுக்கு மினுமினுப்பு வரும். பிறகு சாயம், உலர்த்தல். அடுத்து நூலைச் சுற்றுகிறவர்கள் வீட்டுக்கு. அங்கிருந்து பாவு ஓட்டுகிறவரிடம். பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட்டு, வெயில் ஏறும் முன் சுருட்டி எடுப்பது ஒரு காலை நேர வேலை. அதன் பின் பாவு தறிக்கு வரும். பழைய பாவின் வால் தறியில் இருக்கும், அதன் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நெசவு. ஒரு பாவில் மூன்று சேலை வரும் என்று வைத்துக்கொள்வோம்.

நாட்கணக்கு ஆளுக்கு ஆள், டிசைனுக்கு டிசைன் மாறும். கட்டுரை முழுவதும் ஒரே கணக்கில் போகவேண்டும் என்பதற்காக இப்படி எடுத்துக்கொள்கிறேன்: சாயத்திலிருந்து கஞ்சி போட்ட பாவு கைக்கு வரும் வரை 10 நாள். பிணைப்புக்கு 2 நாள். சேலைக்கு 6 நாள் வீதம் மூன்று சேலைக்கு 18 நாள். ஆக ஒரு பாவு தறியைப் பிடித்து வைத்திருப்பது 20 நாள்.

இப்போது ஆர்டர். நவம்பர் 10-ஆம் தேதி சென்னைக் கடை ஒன்று ஒரே அரக்கு நிறத்தில் 24 சேலை கேட்கிறது. தை முகூர்த்தங்களுக்கு முன், ஜனவரி 10-க்குள் சரக்கு கடையில் இருக்க வேண்டும். 24 சேலைக்கு எட்டுப் பாவு. எட்டுத் தறியும் இருக்கிறது. தறிக்கு ஒரு பாவு என்று போட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கான்ட் முறையில் வரைந்தால் வேறு ஒன்று தெரிகிறது. குறுக்கே நவம்பர் 10 முதல் ஜனவரி 10 வரை தேதிகள். நெடுக்கே எட்டு வரி, வரிக்கு ஒரு தறி. ஒவ்வொரு தறியிலும் இப்போது ஓடும் பாவு எப்போது முடியும் என்று முதல் பட்டையை இழுக்கிறோம். முதல் தறி நவம்பர் 22-இல் காலியாகும். இரண்டாவது 24-இல், மூன்றாவது 27-இல். நான்காவது டிசம்பர் 1, ஐந்தாவது 3, ஆறாவது 6, ஏழாவது 9, எட்டாவது 14. அரக்குப் பாவுகள் நவம்பர் 20-இல் கைக்கு வரும். முதல் தறியில் ஏறுவது டிசம்பர் 12-இல் முடியும், அதே தறியில் இன்னொன்று ஏற்றினால் ஜனவரி 1-இல் முடியும். இரண்டாவது தறியிலும் அதேபோல இரண்டு பாவு, ஜனவரி 3-இல் முடியும். மூன்று முதல் ஆறு வரை தறிக்கு ஒன்று. எட்டுப் பாவும் ஆறு தறியில் அடங்கிவிட்டது. ஏழாவதும் எட்டாவதும் வேறு வேலைக்குக் கிடைக்கின்றன.

மூன்றாவது தறியிலும் இரண்டு ஏற்றி ஐந்து தறியிலேயே முடிக்கலாமே என்று கேட்கலாம். ஏற்றினால் அது ஜனவரி 6-இல் முடியும். கெடுவுக்கு நான்கு நாள்தான் இடைவெளி. நடுவில் வரும் அமாவாசைகளில் பல வீடுகளில் தறி ஓடாது, அதையும் கழித்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு நாள். அதை நம்பிக் கடைக்காரருக்கு வாக்குக் கொடுக்க நான் தயங்குவேன். இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் காட்ட முடிகிறதே, அதுதான் இந்த அட்டவணையின் பலம். எந்தத் தறியில் எத்தனை நாள் இடைவெளி இருக்கிறது என்பதைக் கண் அளக்கிறது.

இதே ஆர்டரைக் கான்பன் பலகையில் போடுவோம். கட்டங்கள்: சாயம், சுற்று, பாவும் கஞ்சியும், காத்திருப்பு, தறி, முடிந்தது. பாவுக்கு ஒரு சீட்டு, ஆக எட்டுச் சீட்டு. நவம்பரில் பலகை நன்றாக வேலை செய்கிறது. சாயப்பட்டறையில் இத்தனை, சுற்றுகிற வீட்டில் இத்தனை என்று தெரிகிறது. டிசம்பர் 6-இல் ஆறாவது தறியிலும் பாவு ஏறியதும் தறிக் கட்டத்தில் ஆறு சீட்டு, காத்திருப்பில் இரண்டு. அதன் பிறகு முதல் தறி முடியும் வரை, கிட்டத்தட்ட ஒரு வாரம், ஒரு சீட்டும் நகராது. ஆறு தறியும் நன்றாக ஓடினாலும் அப்படித்தான் இருக்கும். ஆறில் மூன்று நின்று போயிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். வேலை நடக்கிறதா நிற்கிறதா என்று சொல்ல வேண்டிய பலகை, அதைச் சொல்ல வேண்டிய வாரத்தில் ஊமையாகிவிடுகிறது.

இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பலகையின் பூர்வீகத்தை லேசாகத் தொட்டுவிட்டு வரவேண்டும். கான்பன் முறையை ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் வளர்த்தெடுத்தவர் தாயிச்சி ஓனோ. அவர் காருக்கு வந்தது 1943-இல். அதற்கு முன் 1932 முதல் டொயோடா குடும்பத்தின் நூற்பு, நெசவு ஆலையில்தான் வேலை பார்த்தார். அந்தக் குடும்பத்துக்கு அடித்தளம் போட்ட சாகிச்சி டொயோடா, இழை அறுந்தால் தானே நிற்கும் விசைத்தறியைச் செய்தவர். நம் விஷயத்துக்குச் சற்று நெருக்கமான மனிதர்கள்தான். ஆனால் ஓனோவின் சீட்டு சுவரில் ஒட்டிய சீட்டல்ல. உதிரிபாகம் இருக்கும் பெட்டியோடு சேர்ந்தே போவது. பெட்டி காலியாகத் தொடங்கியதும் சீட்டு முந்தைய பட்டறைக்குத் திரும்பிப் போகும், "இன்னொரு பெட்டி செய்" என்று அதற்கு அர்த்தம். சீட்டு வராமல் யாரும் எதையும் செய்யக் கூடாது.

அலுவலகங்களில் இன்று நாம் பார்க்கும் பலகை பின்னால் வந்தது. 2004-இல் மைக்ரோசாஃப்ட்டுக்காக ஐதராபாத்திலிருந்து மென்பொருள் பராமரிப்பு செய்த ஒரு குழுவுக்கு டேவிட் ஆண்டர்சன் இந்தச் சிந்தனையைப் பொருத்திப் பார்த்தார். கையில் எடுக்கும் வேலைகளுக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். ஐந்து மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலைகள் இரண்டு வாரத்தில் முடியத் தொடங்கின என்று அவர் எழுதியிருக்கிறார். அங்கே ஒரு வேலையின் உண்மையான உழைப்பு சில நாள்தான், மீதியெல்லாம் காத்திருப்பு. அதனால் சீட்டு தினமும் எங்கேயாவது நகரும். நெசவில் தறிக்கு முந்திய பத்து நாள் அந்த ஜாதி. தறியேறிய பின் வரும் இருபது நாள் வேறு ஜாதி: காத்திருப்பே இல்லை, முழுக்க உழைப்பு, ஒரே ஆள், ஒரே இடம்.

என் முடிவு இந்த இடத்தில்தான் கிடக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால், பாவு தறியேறும் வரை பலகை, ஏறிய பின் அட்டவணை என்பேன். ஆனால் கடையில் விற்கிற மாதிரி இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டுமே கைவிடும். இரண்டிலும் அவற்றின் பழைய வடிவத்துக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மேலே போட்ட அழகான அட்டவணை எத்தனை நாள் உண்மையாக இருக்கும்? வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் பிடித்துக்கொண்டால் சாயமிட்ட நூல் காயாது, தெருவில் பாவு விரிக்க முடியாது. நவம்பர் 20-இல் வரவேண்டிய பாவு 24-இல் வரும். முதல் தறி இரண்டு நாள் சும்மா நிற்கும், அதன் இரண்டாவது பாவு ஜனவரி 1-க்குப் பதில் 3-இல் முடியும். இதுவரை பரவாயில்லை. நான்காவது தறிக்காரர் வீட்டில் விசேஷம், ஒரு வாரம் தறி நிற்கிறது. ஐந்தாவது தறியில் ஜக்கார்டு அட்டை கிழிந்து, புதிதாக அடித்துக் கோர்க்க இரண்டு நாள். குழித்தறியில் ஈரம் ஏறினால் பாவின் இறுக்கம் தளர்ந்து வேகம் குறையும். டிசம்பர் முதல் வாரத்தில் அட்டவணையில் நான்கு பட்டைகள் பொய்யாகியிருக்கும். பெரும்பாலோர் செய்வது, கணினியில் இருந்தால் பட்டையை இழுத்து நகர்த்திவிடுவது. காகிதத்தில் இருந்தால் திருப்பி வரைவது. இரண்டிலும் முதலில் என்ன நினைத்தோம் என்பது அழிந்துபோகிறது. அடுத்த ஆர்டருக்கும் அதே 20 நாள் கணக்கையே போடுவார்கள், அதுவும் பொய்யாகும்.

ஹென்றி கான்ட் அமெரிக்கப் பொறியாளர், 1861 முதல் 1919 வரை வாழ்ந்தவர். இன்று அவர் பெயரில் புழங்கும் படத்துக்கும் அவர் போட்ட அட்டவணைகளுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அவர் இறந்த பின் 1922-இல் வாலஸ் கிளார்க் ஒரு புத்தகத்தில் அவற்றை விளக்கியிருக்கிறார். அவற்றில் பல, வரிக்கு ஓர் இயந்திரம் அல்லது வரிக்கு ஓர் ஆள் என்று போட்டவை. வேலைகளின் பட்டியல் அல்ல. ஒரு நாளுக்கான இடத்தில் மெல்லிய கோடு அன்று நடந்த வேலையைக் காட்டும், கீழே தடித்த கோடு மொத்தமாக எவ்வளவு முடிந்தது என்பதைக் காட்டும். இன்றைய தேதிக்கு மேலே ஒரு குறி. தடித்த கோடு அந்தக் குறியைத் தொடவில்லை என்றால் அந்த இயந்திரம் பின்தங்கியிருக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது, வேலை குறைந்த இடத்தில் அவர்கள் போட்ட ஒற்றை எழுத்து. ஆள் இல்லை, சரக்கு வரவில்லை, பழுது என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எழுத்து. (இதே யோசனை போலந்தின் கரோல் அதமியெட்ஸ்கிக்கு 1896-லேயே வந்துவிட்டது. அது ஆங்கிலத்தில் வராமல் கிடந்ததால் பெயர் கான்டுக்குப் போய்விட்டது.)

தறிக்கு இதுதான் அச்சாகப் பொருந்துகிற வடிவம். ஒரு நோட்டில், வரிக்கு ஒரு தறி. திட்டமிட்ட பட்டையைப் பென்சிலில் மெல்லிய கோடாகப் போட்டுவிட்டு அதை அழிக்கவே கூடாது. அதற்குக் கீழே நடந்ததை மையால் தடித்த கோடாக இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதில்தான் சூட்சுமம். "பாதி முடிஞ்சுதுங்க" என்று தறிக்காரர் சொன்னதை வைத்து இழுத்தால், எல்லாக் கோடும் கடைசி வாரம் வரை நன்றாகவே போய், அதற்கப்புறம் நகராது. ஒரு சேலை முழுதாக முடிந்தால் 6 நாள் அளவுக்குக் கோடு. நடந்துகொண்டிருக்கும் சேலைக்கு, உடல் பாதி தாண்டியதைக் கண்ணால் பார்த்தால் 3 நாள் அளவு, பார்க்காவிட்டால் ஒன்றும் இல்லை. அப்போது கோடு ஒருபோதும் உண்மையை முந்தாது.

காரணத்துக்கான எழுத்துகளை ஆரணிக்கு ஏற்பப் போட்டுக்கொள்ளலாம். மழைக்கு ம. பாவு வரவில்லை என்றால் பா. ஜரிகை தீர்ந்துபோனால் ஜ. ஜக்கார்டு அட்டைக் கோளாறுக்கு அ. வீட்டு விசேஷத்துக்கு வி. உடம்பு சரியில்லை என்றால் உ. மூன்று மாதம் இப்படி எழுதிவிட்டு எண்ணிப் பார்த்தால், தறி நின்ற நாட்களில் பா-வும் ஜ-வும் அதிகமா, வி-யும் உ-வும் அதிகமா என்று தெரிந்துவிடும். வி, உ இரண்டும் தறிக்காரர் கையில் இருப்பவை. பா, ஜ இரண்டும் முதலாளி கையில் இருப்பவை. தாமதம் என்றாலே நெசவாளரைத் திட்டுகிற முதலாளிகள் தங்கள் நோட்டைத் தாங்களே படிக்க வேண்டிய இடம் இது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, நூல் பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிறது. அவை வராமல் நின்ற நாளுக்குத் தறியில் உட்காருகிறவர் என்ன செய்ய முடியும்? சேலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு நின்ற நாள் முழுக்க நஷ்டம்.

பாவு வராமல் தறி நிற்பது, அந்தப் பா எழுத்து, அதைக் குறைப்பதற்குத்தான் பலகை. இங்கேயும் சுவர்ப் பலகையை விட்டு ஓனோவின் சீட்டுக்குப் போகவேண்டும். கேள்வி இதுதான்: ஒரு தறிக்கு அடுத்த பாவுக்கான நூலை எப்போது சாயத்துக்கு அனுப்புவது? தறி காலியானதும் அனுப்பினால் 10 நாள் தறி நிற்கும். எல்லாத் தறிக்கும் முன்கூட்டியே அனுப்பி வைத்தால் பாவுகள் பீரோவில் குவியும்.

பத்து நாள் முன்னால் சேதி வர வேண்டும். பாவில் மூன்று சேலை, சேலைக்கு 6 நாள். முதல் சேலை முடியும்போது இன்னும் இரண்டு சேலை பாக்கி, அதாவது 12 நாள். ஆக, முதல் சேலையை அறுத்துக் கொண்டுவந்து கொடுக்கும் அந்த வேளைதான் சேதி. அன்றே அந்தத் தறிக்கான நூலைச் சாயத்துக்கு அனுப்பினால், பாவு தயாரான பிறகு இரண்டு நாள் கையில் மிஞ்சும். சீட்டே தேவையில்லை, கைக்கு வந்த முதல் சேலைதான் சீட்டு. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. சில நெசவாளர்கள் சேலை முடிய முடிய அறுத்துக் கொடுப்பார்கள், சிலர் மூன்றும் முடிந்த பின் மொத்தமாகக் கொடுப்பார்கள். மொத்தமாகக் கொடுக்கிறவர்களிடம் முதல் முந்தி முடிந்ததும் ஒரு போன் போடச் சொல்ல வேண்டும். சொன்னால் போடுவார்கள், ஏனென்றால் அடுத்த பாவு நேரத்துக்கு வந்தால் லாபம் அவர்களுக்கும்தான்.

மழைக்காலத்தில் இந்த விதி அப்படியே நிற்காது. இரண்டு நாள் உபரி ஒரு புயல் சின்னத்துக்குத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் சேதியை இன்னும் முன்னுக்குத் தள்ள வேண்டும்: பாவு பிணைத்து முடிந்த அன்றே அடுத்த பாவுக்கு நூல் போக வேண்டும். அப்போது 18 நாள் கையில் இருக்கிறது, தயாரிக்க 10 போக 8 நாள் மழைக்கு. தை பிறந்ததும் பழையபடி முதல் சேலைக்கு வந்துவிடலாம். வருஷம் முழுக்க ஒரே வரம்பு என்று எழுதி வைத்திருக்கும் கான்பன் புத்தகங்கள் தெருவில் பாவு விரிக்கிற ஊரைப் பார்க்காதவை.

இந்த உபரிக்கு ஒரு விலை உண்டு, அதையும் பலகையே காட்டும். எட்டுத் தறி, தறிக்கு 20 நாள். ஐந்து நாளுக்கு இரண்டு பாவு வீதம் முடிகின்றன என்று அர்த்தம். தயாரிப்பில் நான்கு பாவு, தறியில் எட்டு, காத்திருப்பில் ஒன்று என்றால் மொத்தம் பதின்மூன்று. ஐந்து நாளுக்கு இரண்டு போவதால், சாயத்துக்குப் போன நூல் முழுப் பாவாக நெய்து முடிய சராசரியாக 32 அல்லது 33 நாள் ஆகும். வெயில் நன்றாக இருக்கிறதே என்று பன்னிரண்டு பாவு தயாரித்துப் பீரோவில் வைத்தால் மொத்தம் இருபத்து நான்கு, அப்போது 60 நாள். நெசவாளர் யாரும் மெதுவாக நெய்யவில்லை, தறி எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் நூலில் போட்ட பணம் கைக்குத் திரும்ப இன்னொரு மாதம் கூடுகிறது. வட்டிக்கு வாங்கி நூல் எடுக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. இந்தக் கணக்கை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்தார்: கையில் இருப்பதை முடியும் வேகத்தால் வகுத்தால் ஆகும் நாள். சராசரிக்குத்தான் இது பொருந்தும், ஒரு குறிப்பிட்ட சேலை எப்போது வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தறி வரி வேண்டும்.

நம் 24 சேலை ஆர்டரே இந்தப் பலகை விதியை ஒரு இடத்தில் மீறுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்காரர் எல்லாம் ஒரே அரக்கு என்று கேட்டிருக்கிறார். சாயத்தை இன்று ஒரு தொட்டி, மூன்று வாரம் கழித்து ஒரு தொட்டி என்று போட்டால், எவ்வளவு கைதேர்ந்த சாயக்காரரானாலும் ஷேடு ஒரு நூல் மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, 24 சேலையையும் கடை விளக்கில் அடுக்கி வைத்தால் தெரியும். அதனால் எட்டுப் பாவுக்கும் சாயத்தை ஒரே சமயத்தில் போட்டாக வேண்டும். முதல் இரண்டு தறியின் இரண்டாம் சுற்றுக்கான பாவுகள் மூன்று வாரம் சும்மா காத்திருக்கத்தான் செய்யும். சாயம் மட்டும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு பாவுக்கான நூலைச் சுற்றாமல் வைத்திருந்து, மழை விட்ட பிறகு பாவு ஓட்டலாம். காத்திருப்பு அப்படியேதான், ஆனால் சுற்றுகிறவரும் பாவு ஓட்டுகிறவரும் முதல் ஆறு பாவை முந்தி முடிப்பார்கள். மாறாக, தேதி குறிக்காமல் விற்பனைக்கு இருப்பு சேர்க்கும் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடத்தில் பல நிறத்தில் ஒன்றிரண்டு சேலைகள் வேண்டும். அங்கே பலகை மட்டுமே போதும், அட்டவணை வீண் வேலை.

டிசைன் மாறும்போது அட்டவணை இல்லாமல் தீராது. கரை அகலம் மாறி இழை எண்ணிக்கை மாறிவிட்டால் பழைய வாலோடு பிணைக்க முடியாது. விழுதிலும் அச்சிலும் ஒவ்வொரு இழையாகப் புதிதாகக் கோர்க்க வேண்டும். 2 நாள் வேலை ஒரு வாரத்தை நெருங்கும். புது டிசைனுக்கு ஜக்கார்டு அட்டையும் அடிக்க வேண்டும். பாவும் அட்டையும் ஒரே நாளில் தறிக்கு வந்து சேர வேண்டிய இரண்டு வழிகள் இவை. பலகையில் இரண்டு சீட்டும் தனித்தனியாக நகரும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருப்பது கண்ணில் படாது. தேதிக் கோட்டில் போட்டால் பின்னிருந்து எண்ணி, அட்டை அடிக்கிறவருக்குப் படம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று உடனே தெரியும்.

இவற்றை எல்லாம் யார் எழுதுவது என்பது இந்த மாதிரிக் கட்டுரைகளில் யாரும் தொடாத விஷயம். தினமும் எட்டு வீடு ஏறி இறங்க யாருக்கும் நேரமில்லை. கூலி கொடுக்கவும், ஜரிகையும் ஊடை நூலும் எடை போட்டுக் கொடுக்கவும் வாரம் ஒரு முறை எப்படியும் ஓர் ஆள் போகிறார். அவர் கையில் நோட்டு இருக்க வேண்டும், அந்த ஒரு சுற்றில் கோடு இழுத்து, எழுத்துப் போட்டுவிட வேண்டும். வாரம் ஒரு முறை புதுப்பிக்கிற அட்டவணைக்கு நாள் கணக்கில் துல்லியம் கேட்கக் கூடாது. மூன்று நாளுக்குக் குறைவான வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். மூன்று நாளுக்கு மேல் தடித்த கோடு பின்தங்கிய தறிக்கு மட்டும் நேரில் போனால் போதும். கணினி மென்பொருள் வேண்டுமா என்றால், எட்டுத் தறிக்கு வேண்டாம். இருபது தறிக்கு மேல் போனால் வரிகள் ஒரு பக்கத்தில் அடங்காது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இரண்டு முறைக்கும் சோதனையாக வருவது அவசர ஆர்டர். டிசம்பர் 9-ஆம் தேதி ஒருவர் வந்து, மார்கழிக்கு அப்புறம் முதல் முகூர்த்தம், பச்சையில் ஒரே ஒரு கூறைச் சேலை இருபது நாளில் வேண்டும் என்கிறார். அலுவலகப் பலகைகளில் அவசரச் சீட்டுக்குத் தனி வரிசை உண்டு, நடக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதை முன்னால் எடுப்பார்கள். தறியில் அது நடக்காது. பாதி நெய்த பாவை அவிழ்த்து வைத்துவிட்டு வேறு பாவு ஏற்ற முடியாது. புதிதாகப் பாவு ஓட்டினால் தயாரிப்பு 10, பிணைப்பு 2, நெசவு 6, மொத்தம் 18. மழையில்லாமல் இருந்தால், தறியும் அந்தத் தேதியில் காலியாகுமானால், முடியும். தறி வரியைப் பார்த்தால் டிசம்பர் 14-இல் எட்டாவது தறி காலியாகிறது. ஆனால் பச்சைப் பாவு அதற்கு ஐந்து நாள் கழித்து, 19-இல்தான் வரும், அதுவரை அந்தத் தறி சும்மா நிற்க வேண்டும். அதற்கு முன் வேறு வழி ஒன்று தேடிப் பார்க்கலாம். ஏழாவது தறியில் இன்னொரு ஆர்டருக்கு ஏற்றியது பச்சைப் பாவாகவே இருந்து, அதில் ஒரு சேலை அளவு கொடுக்க முடியுமானால், பாவை மாற்றவே வேண்டியதில்லை. ஊடையை மட்டும் வேறு நிறத்தில் போட்டு மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறத்தில் எடுக்கலாம், அல்லது அதே பச்சை ஊடையிலேயே முந்தியை மட்டும் மாற்றிக் கேட்கலாம். எந்தத் தறியில் என்ன நிறப் பாவு ஓடுகிறது, அதில் எத்தனை சேலை மிச்சம் என்று நோட்டின் வரி ஓரத்தில் எழுதியிருந்தால், வந்தவர் உட்கார்ந்திருக்கும்போதே பதில் சொல்லிவிடலாம்.